நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில்: எது வெறும் பயம், எது எச்சரிக்கை?

தட்டு மாற்றியாகிவிட்டது. மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. ஆனால் கல்யாணம் நான்கைந்து மாதம் தள்ளித்தான். அதுவரை பெண்ணும் பையனும் பெரும்பாலும் போனில்தான் பழகுகிறார்கள். அவள் மதுரையில், அவன் பெங்களூரில் என்றால் நேரில் பார்ப்பது இரண்டு மூன்று முறைகூடத் தேறாது. நம் ஊரில் ஒரு புதிய உறவு இதைவிட விசித்திரமான நிலையில் தொடங்க முடியாது. ஊருக்கே தெரிந்த உறவு இது, ஆனால் எதிரில் இருப்பவரைப் பற்றிக் கையில் இருக்கும் தகவலோ மிகக் குறைவு. தவறாகப் போனால் இழப்பு பெரிது. தகவல் குறைவாகவும் இழப்பு பெரிதாகவும் இருக்கும் இடத்தில் மனம் இட்டு நிரப்பத் தொடங்கும்.

காதலித்துப் பழகுகிறவர்களுக்கும் முதல் சில மாதங்களில் இதே சிக்கல் உண்டு. ஆனால் நிச்சயம் ஆன ஜோடியிடம் இது துலக்கமாகத் தெரியும் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். யாரையும் குறிப்பிடாத, பலரிடம் நடப்பதைச் சேர்த்துக் கட்டிய ஓர் எடுத்துக்காட்டு இது.

பெண் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை ஐடி கம்பெனியில். ஒரு செவ்வாய்க்கிழமை இரவு 8.50க்கு அவள் "சாப்பிட்டீங்களா?" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாள். இரண்டு சாம்பல் டிக் விழுகிறது. பதில் இல்லை. 10.40க்கு எடுத்துப் பார்த்தால் அவன் ஆன்லைனில் இருக்கிறான். பதில் மட்டும் வரவில்லை. அங்கிருந்து தொடங்குகிறது. ஆன்லைனில் இருந்துகொண்டே பதில் போடவில்லை என்றால் வேறு யாருடனோ பேசுகிறான். யாராக இருக்கும்? நிச்சயதார்த்தப் போட்டோக்களில் அவன் முகம் கொஞ்சம் வாடித்தானே இருந்தது? அவன் அம்மாதான் இந்தச் சம்பந்தத்துக்கு அவசரப்பட்டார்கள் என்று அத்தை சொன்னாளே. அப்படியானால் கட்டாயப்படுத்தி ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறார்கள். நள்ளிரவு 12 மணிக்கு அவள் அவனுடைய இன்ஸ்டாகிராமில் நான்கு வருடத்துக்கு முந்தைய போட்டோவுக்கு யார் லைக் போட்டார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். காலை 7.15க்குப் பதில் வருகிறது: "சாரி, தூங்கிட்டேன்." அவள் "ம்" என்று மட்டும் அனுப்புகிறாள். அன்று மாலை போனில் அவள் குரல் இறுகியிருக்கிறது. "என்னாச்சு உனக்கு?" என்று அவன் சலித்துக்கொள்கிறான். அந்தச் சலிப்பே அவளுக்கு ஆதாரமாகிவிடுகிறது.

இந்தச் சங்கிலியில் உண்மையில் நடந்தது எது என்று ஒரு தாளில் எழுதினால் மூன்று வரிதான் வரும். 8.50க்குச் செய்தி போனது, 10.40க்கு ஆன்லைன் என்று காட்டியது, 7.15க்குப் பதில் வந்தது. மற்ற எல்லாம் அவள் சேர்த்தது. அந்த மூன்று வரியிலும்கூட ஒன்று நினைப்பதைவிடக் குறைவாகவே சொல்கிறது. ஆன்லைன் என்றால் அந்த ஆப் அவன் போனில் திறந்திருக்கிறது, நெட் இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். அவளுடைய செய்தியை அவன் படித்தான் என்று பொருள் இல்லை. சாம்பல் டிக் இரண்டு என்றால் செய்தி போனுக்குப் போய்ச் சேர்ந்தது, அவ்வளவே. படித்தால் நீலமாகும், ஆனால் படித்ததைக் காட்டும் வசதியை அணைத்து வைத்திருந்தால் படித்த பிறகும் சாம்பலாகவே நிற்கும். ஒரு கல்யாணத்தின் எதிர்காலத்தை இந்த டிக்குகளை வைத்துக் கணிக்கிறோம் என்பதை யோசித்தால் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கிறது. இரவு 12 மணிக்கு மட்டும் சிரிப்பு வராது.

இப்படி ஒரே இடத்தில் மனம் சுற்றுவதை உளவியலில் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். அமெரிக்க உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்செமா இதைத் தன் வாழ்நாள் ஆய்வாகவே எடுத்துக்கொண்டவர். சோர்ந்த மனநிலையில் இருந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரைத் தங்கள் மனநிலையைப் பற்றியும் அது ஏன் இப்படி இருக்கிறது என்பதைப் பற்றியும் எட்டு நிமிடம் யோசிக்கச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினரைத் தங்களோடு சம்பந்தமில்லாத வெளிக்காட்சிகளை அதே எட்டு நிமிடம் மனதில் கொண்டுவரச் சொன்னார்கள். முதல் பிரிவினரின் சோர்வு கூடியது அல்லது அப்படியே நின்றது, இரண்டாம் பிரிவினருக்குக் குறைந்தது. சுழலில் இருப்பவருக்குத் தான் பிரச்சினையைத் தீர்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும். நடப்பது அது இல்லை. மனம் கனக்கக் கனக்க, அதே மனநிலைக்குப் பொருந்தும் நினைவுகள்தான் முதலில் மேலே வரும். வாடிய முகம் நினைவுக்கு வருகிறது. அதே நாளில் அவன் இவளுக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கி வந்து கொடுத்தது வருவதில்லை.

அந்த "ம்" என்ன செய்கிறது என்பதற்கும் ஆய்வு உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜெரால்டின் டவுனியும் அவருடைய குழுவினரும் 1998இல் வெளியிட்ட ஆய்வு, துணை தன்னை ஒதுக்கிவிடுவார் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருப்பவர்களைப் பற்றியது. ஜோடிகளை நாள்தோறும் குறிப்பு எழுத வைத்தார்கள். சிலரை ஆய்வகத்தில் கருத்து வேறுபாடு பற்றிப் பேசவிட்டுக் கவனித்தார்கள். அப்படிப்பட்ட எதிர்பார்ப்பு மிகுந்த பெண்கள் வாக்குவாதத்தில் கூடுதல் கடுமையாக நடந்துகொண்டார்கள், அதனால் துணைவரின் கோபம் கூடியது. பயந்ததே நடந்தது, பயத்தின் உதவியோடு. அதனால்தான் "என் உள்மனசு அப்பவே சொல்லிச்சு" என்பதை முழுக்க நம்பக் கூடாது. சில சமயம் உள்மனது சொன்னதை நாமே நடத்திக் காட்டியிருப்போம்.

இதுவரை படித்தவர்கள், அந்தப் பெண் தேவையில்லாமல் பயப்படுகிறாள், மாப்பிள்ளை நல்லவன் என்று முடிவுக்கு வந்திருப்பீர்கள். அந்த முடிவும் அவசரம்தான். அதே மாதங்களில் வேறு சிலதும் நடந்தன.

நிச்சயமான இரண்டாவது வாரம் அவன் லைவ் லொகேஷன் போடச் சொன்னான். "தனியா வண்டி ஓட்டிட்டுப் போற, எனக்குப் பயமா இருக்கு." அவளுக்கு அது பிடித்திருந்தது. அப்புறம் ஒரு நாள் இன்ஸ்டாகிராமில் இருக்கும் ஆபீஸ் ஆண் நண்பர் ஒருவரை எடுத்துவிடச் சொன்னான். எடுத்தாள். இன்னொரு நாள் தோழிகளோடு சினிமாவுக்குப் போயிருந்தாள். வீடியோ கால் போட்டு யார் யார் வந்திருக்கிறார்கள் என்று காட்டச் சொன்னான். பெண் பார்க்க வந்தபோது "வேலைக்குப் போறது உன் இஷ்டம்" என்று சொன்னவன், மூன்றாம் மாதத்தில் "பெங்களூருக்கு டிரான்ஸ்பர் எல்லாம் எதுக்கு, ரிசைன் பண்ணிடு" என்றான். ஏன் என்று கேட்டதற்கு இரண்டு நாள் பேசவில்லை. அவளே போன் போட்டுச் சமாதானம் செய்தாள்.

இவற்றில் ஒன்றுக்குக்கூட அவள் தூக்கம் இழக்கவில்லை. "எவ்வளவு அக்கறை பாரு" என்று தோழியிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். சாம்பல் டிக்தான் அவளை விடியும்வரை விழிக்க வைத்தது.

என் பார்வையில் இந்த விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பதற்றம் தேடுவது விலகலை: பதில் வராதது, குரல் தணிந்தது, முகம் வாடியது. விட்டுவிட்டுப் போய்விடுவார் என்ற பயத்துக்கு, வராமல் போனவைதான் கண்ணில் படும். ஆனால் ஒருவரைக் கட்டுப்படுத்தும் நடத்தை ஆரம்பத்தில் விலகலாக வராது, அளவுக்கு மீறிய நெருக்கமாகத்தான் வரும். எங்கே இருக்கிறாய், யாரோடு இருக்கிறாய், ஏன் உடனே எடுக்கவில்லை என்று கேட்டுக்கொண்டே இருப்பவர் விட்டுவிட்டுப் போகமாட்டார் என்று பயந்த மனதுக்குத் தோன்றும். அதனால் அந்த நடத்தை பயத்தைக் கிளப்புவதற்குப் பதில் ஆற்றுகிறது. அதிகம் கவலைப்படுகிறவர் அதிக விழிப்போடு இருக்கிறார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அவர் விழிப்போடுதான் இருக்கிறார், ஆனால் பார்ப்பது வேறு திசையை.

இதனால் பயத்தின் அளவை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. நெஞ்சு படபடத்தால் ஆபத்து என்றும், நிம்மதியாக இருந்தால் பாதுகாப்பு என்றும் கணக்குப் போட்டால் இந்தப் பெண்ணுக்கு விடை தலைகீழாக வரும். வேறு இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, நடந்ததாக எழுத முடிகிறதா, ஒருமுறைக்கு மேல் எழுத முடிகிறதா என்பது. மேலே உள்ள இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் பட்டியலின் வினைகள் எல்லாம் அவள் தலைக்குள் நடப்பவை: யாருடனோ பேசுகிறான், பிடிக்கவில்லை, கட்டாயப்படுத்தியிருக்கிறார்கள். இரண்டாவது பட்டியலில் அவன் சொன்னதும் செய்ததும் இருக்கின்றன. பக்கத்தில் ஒரு அண்ணன் உட்கார்ந்திருந்தால் அவரும் அதைக் கேட்டிருப்பார். அப்புறம் அவை திரும்பத் திரும்ப, வெவ்வேறு இடங்களில் ஒரே திசையில் போகின்றன: நண்பர் குறைகிறார், சினிமா குறைகிறது, வேலை போகப்போகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்த வகைக் கட்டுப்பாட்டைத் தனிக் குற்றமாக்கிய 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 76ஆம் பிரிவு, அந்த நடத்தை மீண்டும் மீண்டும் அல்லது தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்றே சொல்கிறது. ஒருமுறை பொறாமையாகப் பேசியவரை அந்தச் சட்டம் தொடாது. நாமும் தொட வேண்டியதில்லை. யாருக்கும் ஒரு மோசமான நாள் உண்டு.

பயத்தைத் தாளில் எழுதும்போது அதற்கு ஒரு தேதியும் போட்டுப் பார்க்கலாம். "அவனுக்கு இந்தக் கல்யாணத்தில் விருப்பம் இல்லை" என்று தோன்றினால், அது உண்மையாக இருந்தால் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் என்ன நடக்க வேண்டும்? பத்திரிகை அடிக்கும் பேச்சைத் தட்டிக்கழிப்பான், புடவை எடுக்க வரமாட்டான் என்று எழுதி வைத்துவிட்டு ஞாயிறு அன்று பார்க்க வேண்டும். அவன் பஸ் பிடித்து வந்து நான்கு மணி நேரம் ஜவுளிக்கடையில் உட்கார்ந்திருந்தால் அந்த ஊகம் அடிபட்டுப் போகிறது. சுழலும் எண்ணத்தை இப்படிச் சோதனைக்குக் கொண்டுவருவது கஷ்டம். "வந்தான், ஆனால் மனசில்லாமல் வந்தான்" என்று அது உடனே இடம் மாறும். எது நடந்தாலும் பொருந்திப் போகும் சந்தேகம் என்றால் அது பயத்தின் வேலை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, கேட்டால் என்ன நடக்கிறது என்பது. இதுதான் இருப்பதிலேயே உபயோகமான சோதனை என்று நினைக்கிறேன். நள்ளிரவில் கேட்கக் கூடாது. மறுநாள் மாலை, ஒரே விஷயத்தை, குற்றம் சாட்டாமல் கேட்க வேண்டும். "நேத்து ராத்திரி பதில் வரல, எனக்குக் கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு. பிஸின்னா ஒரு வரி போட்டுடறீங்களா?" இதற்கு "அட, ரிலீஸ் இருந்துச்சு, பார்க்கவே இல்ல. இனிமே சொல்லிடறேன்" என்று பதில் வரலாம். கொஞ்சம் எரிச்சலோடுகூட வரலாம், அது தப்பில்லை. அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் அந்த ஒரு வரி வருகிறதா என்று பார்த்தால் போதும். மாறாக, "இதுக்கே இப்படின்னா கல்யாணத்துக்கு அப்புறம் என்னைய என்ன பாடு படுத்துவ?" என்று திரும்பி, இரண்டு நாள் பேச்சு நின்று, கடைசியில் கேட்டவளே மன்னிப்புக் கேட்டு முடிகிறது என்றால், அது பதில் வராத இரவைவிடப் பெரிய செய்தி.

கேட்பதைப் போலவே மறுப்பதும் தகவல் தரும். "இன்னைக்கு அம்மாவோட கோயிலுக்குப் போறேன், நாளைக்குப் பேசுவோம்" என்று சொல்லிப் பார்க்கலாம். "லொகேஷன் எல்லாம் வேண்டாம், வீட்டுக்குப் போனதும் மெசேஜ் போடறேன்" என்று சொல்லலாம். ஏமாற்றம் தெரியும், முகம் கொஞ்சம் சுருங்கும். அது மனித இயல்பு. ஆனால் அந்தச் சின்ன "வேண்டாம்" ஒவ்வொரு முறையும் கோபமாக, மௌனமாக, "அப்ப என்மேல நம்பிக்கை இல்லையா?" என்ற கேள்வியாக, அல்லது அவள் அம்மாவுக்குப் போகும் புகாராகத் திரும்பி வருகிறதென்றால், அக்கறை என்ற பெயரில் வந்தது என்ன என்று தெரிந்துவிடும். அக்கறைக்கு மறுப்பைத் தாங்கத் தெரியும். மிரட்டல், கை ஓங்குவது, அந்தரங்கப் படங்களைக் காட்டிப் பயமுறுத்துவது என்று எதுவும் ஏற்கெனவே நடந்திருந்தால் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். அங்கே தெரிந்துகொள்ள இனி ஒன்றும் இல்லை. பெண்கள் உதவி எண் 181, படங்கள் சம்பந்தப்பட்டதென்றால் cybercrime.gov.in.

கேட்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. "என்னைப் பிடிச்சிருக்குல்ல?" என்று கேட்டு, பிடித்திருக்கிறது என்ற பதிலைக் கேட்டால் ஒரு மணி நேரம் நிம்மதி. அப்புறம் அந்தப் பதிலின் தொனியைப் பற்றிய சந்தேகம். மறுபடி கேட்பது. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் ஆறுதலின் ஆயுள் குறைகிறது, எதிரில் இருப்பவரின் களைப்பு கூடுகிறது. எந்தப் பதில் வந்தால் முழுத் திருப்தி வரும் என்று கேட்கும் முன்பே தன்னிடம் கேட்டுக்கொள்ளலாம். எந்தப் பதிலும் போதாது என்று தெரிந்தால் அந்தக் கேள்வியை அவனிடம் கொண்டுபோய்ப் பயனில்லை.

பதில் உள்ள கேள்விகள் வேறு. வேலை நிரந்தரமா, கடன் எவ்வளவு, முன்பு ஒரு நிச்சயம் நின்றுபோனது என்கிறார்களே அது ஏன், கல்யாணத்துக்குப் பிறகு எங்கே குடியிருப்போம், யார் யாரோடு? இவற்றைக் கேட்பதை யாராவது "ஓவரா யோசிக்கிற" என்று சொன்னால் கண்டுகொள்ள வேண்டாம். விசாரிப்பது சந்தேகப்படுவது ஆகாது. பேசி முடித்த பிறகு "காருக்கு மட்டும் ஒரு தொகை" என்று புதிதாக ஒன்று கிளம்பினால், அது மனப்பிரமை பற்றிய பேச்சே இல்லை. 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்தின்படி கேட்பதே குற்றம். ஆண்களுக்கும் இதேதான். "பொண்ணு கட்டாயத்தில் சரின்னு சொல்லியிருப்பாளோ" என்று பல பையன்கள் உள்ளுக்குள் உருகுகிறார்கள். நம் ஊரில் அது வெறும் கற்பனை என்று ஒதுக்கிவிடக் கூடியதும் இல்லை. வீட்டார் இல்லாத இடத்தில், அவள் என்ன சொன்னாலும் அவளைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று உறுதி சொல்லிவிட்டு, நேராகக் கேட்டுவிடுவது நல்லது.

சிலருக்கு இரண்டுமே சேர்ந்து இருக்கும். இயல்பாகவே பதற்றப்படுகிறவர், உண்மையிலேயே சரியில்லாத ஓர் உறவில் மாட்டியிருப்பார். நம் எடுத்துக்காட்டுப் பெண்ணும் அப்படித்தான். அவள் பயந்தது தவறான விஷயத்துக்கு, ஆனால் பயப்பட ஒரு விஷயம் இருந்தது. இப்படிப்பட்டவரிடம் "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று சொல்லி வாயடைப்பது சுலபம். கட்டுப்படுத்துகிறவருக்கும் அது வசதியான வாக்கியம். அதனால் பதற்றம் இருப்பது நிரூபணமானால் எச்சரிக்கை பொய் என்று ஆகாது. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். வாரக்கணக்கில் தூக்கம் போய், வேலையில் தப்பு வர ஆரம்பித்தால் அந்தப் பதற்றத்துக்கே உதவி தேடலாம். மத்திய அரசின் டெலி மானஸ் 14416 இலவச எண், தமிழிலும் பேசலாம்.

வீட்டில் சொல்வதுதான் கடைசிக் கஷ்டம். "எனக்கு என்னமோ பயமா இருக்குப்பா" என்று சொன்னால், "கல்யாணத்துக்கு முன்னாடி எல்லாப் பொண்ணுக்கும் அப்படித்தாம்மா இருக்கும்" என்று பதில் வரும். அப்பாவைக் குறை சொல்ல முடியாது, அவர் கையில் கிடைத்தது ஓர் உணர்வு மட்டும்தான். அதையே, "போன மாசம் 12ஆம் தேதி வேலையை விடச் சொன்னார். ஏன்னு கேட்டேன், ரெண்டு நாள் பேசல. 20ஆம் தேதி தியேட்டர்ல கூட யார் இருக்காங்கன்னு வீடியோல காட்டச் சொன்னார். லொகேஷன் வேண்டாம்னு சொன்னதுக்கு அம்மாவுக்குப் போன் பண்ணி, பொண்ணை ஒழுங்கா வளர்க்கலையான்னு கேட்டார்" என்று தேதியோடு சொன்னால், மண்டப முன்பணத்தைப் பற்றிய கவலையில் இருக்கும் அப்பாகூட நிமிர்ந்து உட்கார்ந்து, "அம்மாகிட்ட இப்படியா பேசினார்?" என்று கேட்பார். பேச்சு அங்கிருந்துதான் தொடங்க முடியும்.